விரலிடுக்கில் ஒரு சாம்பல் நிறக் கோடு: படத்தில் நான் தவறவிட்ட சிரங்கு

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:
கடந்த மழைக்காலத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர், நாற்று நடும் பெண்மணி ஒருவரின் இடது கையைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மணிக்கட்டின் உட்புறம் முழுவதும் சொறிந்த கீறல்களும் சிறு பருக்களும் சிவந்து கிடந்தன. சேற்று நீரிலேயே நிற்பவர் என்பதால் ஒவ்வாமைக் கரப்பான் என்று முடிவு செய்து, ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் தம் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் வந்தார். நால்வருக்கும் இரவில் தூக்கமில்லை.

அன்று மாலை பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கீறல்கள் இருந்த நடுப்பகுதியில் புதிதாக எதுவும் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே, சிவப்பே இல்லாத தோலில், சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு நூல் நெளிந்தது போலக் கிடந்தது. அவர் அணிந்திருந்த மோதிரத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு முனையில் தோல் லேசாக உரிந்திருந்தது. மறுமுனையில் ஊசி முனையளவு கரும்புள்ளி. சிரங்குப் பூச்சி தோண்டிய வளை முதல் நாள் எனக்கு வந்த படத்திலேயே இருந்திருக்கிறது. சிவந்த இடத்தை மட்டும் பார்த்ததால் அது என் கண்ணில் படவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர்:
மருத்துவர் குறிப்பிடும் கரும்புள்ளி இருக்கும் முனையில்தான் பெண் பூச்சி இருக்கும். உரிந்த முனை அது உள்ளே நுழைந்த வாசல். பணியில் சேர்ந்த புதிதில் நான் இதை அறியாமல், சிவந்த பருக்களையே பிளேடால் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மீண்டும் மீண்டும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் மூத்தவர் ஒருவர் ஊற்றுப் பேனாவின் மையை நோயாளியின் மணிக்கட்டில் தடவி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காட்டினார். சுற்றியிருந்த தோல் சுத்தமாகிவிட, வளைக்குள் இறங்கிய மை மட்டும் வளைந்து வளைந்து கறுப்பாக நின்றது. அந்த முனையைச் சுரண்டியபோது நுண்ணோக்கியில் பூச்சியும் இரண்டு முட்டைகளும் தெரிந்தன.

ஆனால் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடல் முழுவதுமே பத்துப் பதினைந்து பெண் பூச்சிகள்தான் இருக்கும். அவற்றில் ஒன்றின் வளை நீங்கள் எடுத்த ஒரு படத்துக்குள் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விடுதிக் காப்பாளர்:
எங்கள் விடுதியில் ஒரு மாணவனுக்கு வந்து, கவனிப்பதற்குள் ஒரு அறை முழுவதும் பரவிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், விரலிடுக்கைப் பாருங்கள். அங்கே கோடு இல்லையென்றால் அது சிரங்கு இல்லை. அரிப்பவர் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, அறையில் உள்ள அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். கழுத்துக்குக் கீழே நகக்கண் வரை ஓரிடமும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். அன்றே போர்வை, தலையணை உறை, துண்டு அனைத்தையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். துவைக்க முடியாத பொருள்களை நெகிழிப் பையில் கட்டி மூன்று நாள்களுக்கு மேல் வைத்தால் பூச்சி செத்துவிடும். நாங்கள் ஒரே முறை பூசினோம், அதுவே போதுமானதாக இருந்தது. சொறிந்து புண்ணாகாமலிருக்க நகத்தையும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

கைக்குழந்தையின் தாய்:
விரலிடுக்கில் இல்லையென்றால் சிரங்கு இல்லை என்று ஐயா எழுதியிருப்பதைப் படித்து மனம் பதறுகிறது. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். இரவெல்லாம் காலோடு காலைத் தேய்த்து அழுதாள். கைகளைப் படமெடுத்து அனுப்பியபோது வியர்க்குரு என்றார்கள். வேறொரு மருத்துவர் மட்டும், “உள்ளங்காலைப் படமெடுத்து அனுப்புங்கள் அம்மா” என்றார். பாதத்தின் உட்பக்க வளைவில் சிறு சிறு கொப்புளங்களும், அவற்றில் ஒன்றிலிருந்து வால் போல் நீண்ட ஒரு கோடும் இருந்தன. தினமும் எண்ணெய் தேய்க்கும் கால்தான், ஆனாலும் நான் கவனிக்கவில்லை.

கடலோர இளைஞர்:
எனக்கும் பாதத்தில் இப்படி ஒரு வளை இருக்கிறது. கடற்கரையில் வெறுங்காலோடு விளையாடிய சில நாள்களில் வந்தது. சிவந்து, தடித்து, பாம்பு போல வளைந்து, நாளுக்கு நாள் நீள்கிறது. இப்போது விரல் நீளம் இருக்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. நானும் எல்லோருக்கும் மருந்து வாங்க வேண்டுமா?

தோல் மருத்துவ முதுகலை மாணவி:
தம்பி, விரல் நீளத்துக்கு வளரும் தடிப்பு சிரங்காக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சிரங்கின் வளை சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது. நாய், பூனைகளின் கொக்கிப்புழுக் குஞ்சு மணலிலிருந்து தோலுக்குள் புகுந்தால்தான் நீங்கள் சொல்வது போல் ஊர்ந்து நீளும். நேரில் காட்டுங்கள், வீட்டாருக்கு மருந்து வாங்க அவசரப்பட வேண்டாம்.

காப்பாளர் ஐயா ஒரே நாளில் அனைவருக்கும் பூசியது மிகச் சரி. ஆனால் பெர்மெத்ரின் களிம்பை ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் மறுமுறை பூச வேண்டும். கைக்குழந்தை என்றால் மருத்துவர் சொல்லும் முறைப்படி தலையிலும் முகத்திலும்கூடப் பூச வேண்டியிருக்கும்.

நுட்பர் ஐயாவிடம் ஒரு சிறு மறுப்பு. 2020-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட அளவுகோலின்படி, பூச்சியையோ அதன் முட்டை, எச்சத்தையோ கண்டால்தான் உறுதி என்பது உண்மை. ஆயினும் வளையைக் கண்ணால் கண்டாலே மருத்துவ நோக்கில் சிரங்கு என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். வளை கிடைக்காதபோது பரவல் கை கொடுக்கும். விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், முழங்கை, அக்குளின் முன்மடிப்பு, மார்க்காம்பைச் சுற்றி, தொப்புள், இடுப்பு, பிட்டம் என்று பருக்கள் அமைந்து, வளர்ந்தவரின் முகம் மட்டும் தெளிவாக இருந்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும், ஒரு கைப்படத்தை மட்டும் வைத்து இல்லை என்று பதில் சொல்லக் கூடாது. ஆண்களின் பிறப்புறுப்பில் வரும் அரிக்கும் முடிச்சுகளை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். நான் ஒருவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் வீணாக்கினேன்.

படத்தைப் பற்றியும் ஒன்று. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வளை சிவப்பாக இருக்காது. வெளிர் சாம்பல் நிறத்திலோ, உலர்ந்த செதில் இழையாகவோதான் தெரியும். கைப்பேசியின் ஃபிளாஷ் நேராக அடித்தால் அந்த மேடு பள்ளம் மறைந்துவிடும். விரல்களை அகல விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு எடுத்தால் கோட்டின் நிழல் தெரியும். நகக் கீறல் நேராக, பல கோடுகளாக, ரத்தம் கட்டிய பொருக்கோடு இருக்கும். வளை தனியாக நெளியும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:
அந்தப் பெண்மணியின் வீட்டில் நால்வருக்கும் இருமுறை களிம்பு பூசினோம். பிள்ளைகளுக்கு அரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு மட்டும் மூன்றாம் வாரத்திலும் அரித்தது. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கும் என்பதால் முதலில் காத்திருந்தேன். ஆறாவது வாரமும் நிற்காததால், ஜன்னல் ஓரத்தில் வைத்துப் புதிய படம் எடுக்கச் சொன்னேன். விரலிடுக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு கோடு இருக்கிறது. செதில் தெரிகிறது, கரும்புள்ளி தெரியவில்லை. காய்ந்துபோன பழைய வளையா, மறுபடியும் தொற்றியதா என்று படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறேன். மை தடவிப் பார்க்கப் போகிறேன்.