தனியமர்வில் சமரசர் கேட்கும் வினாக்களுக்கு ஒரு சொல்

செல்வி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சமரசர் பயிற்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் தொடக்கவுரை, கூட்டமர்வு, தனியமர்வு, உடன்படிக்கை எழுதுதல் ஆகிய நான்கு கட்டங்களுக்கும் சொற்கள் முடிவாகிவிட்டன. தனியமர்வுக்குள் நடக்கும் ஒரு செயலுக்குத்தான் இன்னும் பொருத்தமான சொல் அமையவில்லை. ஒரு தரப்பினர் தம் கோரிக்கையிலிருந்து சற்றும் இறங்காதபோது, இங்கே தீர்வு ஏற்படாவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவரே எண்ணிப் பார்க்கும்படி சமரசர் செய்கிறார். பயிற்சியாளர்கள் இதை ‘ரியாலிட்டி டெஸ்டிங்’ என்றே சொல்லிவருகிறார்கள். ‘மெய்ந்நிலைச் சோதனை’ என்று எழுதிப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலை போல இருக்கிறது. ‘நிலையுணர்த்தல்’ என்பது மற்றொரு முயற்சி. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

கதிரவன் எழுதியது:

‘நிலையுணர்த்தல்’ சரியாகவே இருக்கிறது. வழக்கு எந்த இடத்தில் வலுவிழந்து நிற்கிறது என்பதைத் தரப்பினருக்கு எடுத்துச் சொல்வதுதானே அங்கே நடப்பது? தீர்ப்பளிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று தொடக்கவுரையில் சமரசர் கூறுவது உண்மைதான். ஆனால் தீர்ப்பளிப்பது வேறு, தனியே அழைத்து ‘உங்கள் பக்கம் நிற்காது’ என்று சொல்வது வேறு. பின்னதற்குத் தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மீனாட்சி எழுதியது:

கதிரவன் சொல்வது பாதி சரி. வழக்கின் வலுவை மதிப்பிட்டுத் தம் கருத்தை வெளிப்படையாகச் சொல்லும் சமரசர்களும் இருக்கிறார்கள். சில வணிகத் தகராறுகளில் தரப்பினரே அதைக் கேட்டு வாங்குவதும் உண்டு. ஆனால் செல்வி பெயர் தேடுவது அதற்கன்று. ஒரு மாதிரி வழக்கை வைத்துச் சொன்னால் வேறுபாடு விளங்கும்.

வீடு கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் நிலுவைத் தொகை 8 இலட்சம் கேட்கிறார். மொட்டைமாடியில் நீர் கசிகிறது என்பதால் வீட்டுக்காரர் ஒரு காசும் தர மறுக்கிறார். கூட்டமர்வில் இருவரும் தத்தம் கதையைக் குறுக்கீடின்றிச் சொல்லி முடித்தபின், ‘ஏமாற்றுக்காரர்’ என்ற சொல்லை நீக்கி, ‘வேலையின் தரத்தில் உங்களுக்கு ஐயம் இருக்கிறது’ என்று சமரசர் சுருக்கித் திருப்பிச் சொல்கிறார். அதன் பிறகே தனியமர்வு. அங்கே ஒப்பந்தக்காரர், மேல்தளப் பூச்சை மழைக்கு முன் அவசரமாக முடித்ததை ஒப்புக்கொள்கிறார். இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். சொன்னவர் இசையாதவரை அந்தச் செய்தி அந்த அறையைத் தாண்டக் கூடாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அமர்வின் முடிவில் சமரசர் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்வது அதனால்தான்.

இப்போது சமரசர் ‘உங்கள் வழக்கு தோற்கும்’ என்று சொல்வதில்லை. ‘நீதிமன்றம் ஒரு பொறியாளரை அனுப்பி மாடியைப் பார்வையிடச் செய்தால், அவர் அறிக்கையில் என்ன எழுதுவார் என்று எண்ணுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருக்கிறார். வீட்டுக்காரருடன் அமரும்போது, ‘கசிவைச் சரிசெய்ய வேறோர் ஆளிடம் மதிப்பீடு வாங்கினீர்களா? அது 2 இலட்சம் என்றால், மீதி 6 இலட்சத்தை எந்தக் காரணம் காட்டி நிறுத்தி வைப்பீர்கள்?’ என்று கேட்கிறார். விடை அவரவர் வாயிலிருந்தே வருகிறது. ‘உணர்த்தல்’ என்றால் உணர்த்துபவர் முடிவை முன்பே கையில் வைத்திருக்கிறார் என்று பொருள்படும். அந்த வாடை வந்த கணமே தரப்பினர் சமரசரை எதிராளியின் ஆள் என்று எண்ணத் தொடங்கிவிடுவார். அதுவரை நீண்ட விடைகள் தந்தவர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நிறுத்திக்கொள்வதிலிருந்து அதைக் கண்டுகொள்ளலாம். எனவே வினவுதலைக் குறிக்கும் சொல் வேண்டும். ‘மெய்ந்நிலை உசாவல்’ என்று நான் முன்மொழிகிறேன்.

இதையே கூட்டமர்வில், எதிராளியின் முன்னால் கேட்டால் நேர்மாறான விளைவுதான் கிடைக்கும். தம் பலவீனத்தை யாரும் எதிராளி காதுபட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கையேட்டில் இச்சொல் தனியமர்வின் கீழ் வருவதே பொருத்தம்.

அந்தோணி எழுதியது:

எங்கள் கூட்டு வணிகம் பிரிந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு அமைந்தவர் இரு பக்கமும் விசாரித்து, கணக்கேடுகளைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிட்டார். நாங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. எனவே ‘சீர்தூக்கல்’ என்ற சொல்லே பொருந்தும் என்று எண்ணுகிறேன். உடன்படிக்கையில் சமரசர் கையெழுத்திட வேண்டுமா என்பதையும் யாராவது தெளிவுபடுத்த வேண்டும்.

மீனாட்சி எழுதியது:

அந்தோணி ஐயா, உங்களுக்கு அமைந்தவர் நடுவர், சமரசர் அல்லர். இருபுறமும் எடைபோட்டு முடிவு சொல்பவருக்குச் ‘சீர்தூக்கல்’ நன்றாகவே பொருந்தும். சமரசத்தில் எடை போடுபவர் தரப்பினர்தாம். அச்சொல்லை இங்கே வைத்தால், உங்களுக்கு நேர்ந்த அதே மயக்கம் கையேட்டைப் படிப்பவருக்கும் வரும்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, கட்டுப்படுத்துவது தரப்பினரின் கையெழுத்தே. சமரசரின் கையெழுத்து அந்த ஆவணம் சமரசத்தின் வழியே வந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. நாடுகளுக்கு இடையிலான வணிகத் தகராறுகளுக்கென 2019இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட சிங்கப்பூர் உடன்பாடு இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது: உடன்படிக்கையில் சமரசர் இட்ட கையெழுத்து ஒரு சான்று, அது இல்லையென்றால் சமரசம் நடந்ததைக் காட்டி அவர் கையெழுத்திட்ட தனி ஆவணமோ, சமரசத்தை நடத்திய நிறுவனத்தின் சான்றோ போதும். உள்நாட்டு வழக்குகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கதிரவன் எழுதியது:

அம்மா விளக்கியபின் ‘உணர்த்தல்’ என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘உசாவல்’ இன்று பேச்சில் இல்லாத சொல். பயிற்சிக்கு வருபவர் அதற்கும் அகராதி தேட வேண்டியிருக்கும். ‘மெய்ந்நிலை வினவல்’ என்றால் என்ன?

மீனாட்சி எழுதியது:

‘வினவல்’ எளிதுதான், ஆனால் தகவல் பெறுவதற்காகக் கேட்கும் கேள்வியையும் அது குறிக்கும். கூட்டமர்வில் ‘வேலை எப்போது முடிந்தது?’ என்று கேட்பதும் வினவலே. ‘உசாவல்’ என்பதில் கலந்து ஆராய்தல் என்ற பொருளும் இருப்பதால்தான் அதைப் பரிந்துரைத்தேன். அரிய சொல் என்ற குறையை மறுக்கவில்லை.

செல்வி எழுதியது:

அப்படியானால் இன்னோர் ஐயம். அதே வழக்கில், ஒப்பந்தக்காரர் கசிவைச் சரிசெய்வதென்றும், அதன்பின் வீட்டுக்காரர் 7 இலட்சம் தருவதென்றும் இருவரும் இசைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வரைவில் ‘கசிவு சரிசெய்யப்பட்டதும் பணம் தரப்படும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘சரிசெய்யப்பட்டது என்று யார் சொல்வது?’ என்று அங்கே சமரசர் கேட்பதும் இதே செயல்தானா?

மீனாட்சி எழுதியது:

செய்யும் முறை ஒன்றே, சோதிக்கப்படுவது வேறு. தனியமர்வில் தீர்வு இல்லாத நிலைமையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். இங்கே எழுதிய தீர்வு நடைமுறையில் நிற்குமா என்று பார்க்கிறோம். அந்த வரியை அப்படியே விட்டால் இரண்டாவது தகராறு அதிலிருந்தே பிறக்கும். சமரசர் கேட்கக் கேட்க, அது இவ்வாறு விரியும்: குறிப்பிட்ட நாளுக்குள் பூச்சு வேலை முடிய வேண்டும், மாடியில் 48 மணி நேரம் நீர் தேக்கி வைத்து, கீழே ஈரம் தோன்றவில்லை என்று இருவரும் ஏற்ற பொறியாளர் எழுதித் தர வேண்டும், எழுதித் தந்த 7 நாளில் தொகை செலுத்தப்பட வேண்டும், ஈரம் தோன்றினால் ஒப்பந்தக்காரருக்கு எத்தனை நாள் கூடுதலாகத் தரப்படும் என்பதும் உள்ளே வர வேண்டும். இந்தச் சொற்களைத் தரப்பினரோ அவர்கள் வழக்கறிஞர்களோ வைக்கிறார்கள். சமரசர் வரிவரியாக உரக்கப் படித்து, ‘இப்படித்தான் பேசினீர்களா?’ என்று கேட்கிறார்.

இதற்கு ‘நடைமுறை உசாவல்’ என்று தனிப்பெயர் தரலாமா, ஒரே சொல்லின் கீழ் இரண்டையும் வைக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் உறுதியில்லை.

செல்வி எழுதியது:

இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைக்கிறேன். கட்டங்கள் வேறு என்பதால் படிப்பவருக்கு அது உதவும். ‘உசாவல்’, ‘வினவல்’ இரண்டும் அடுத்த பயிற்சியில் பயிற்சியாளர்களின் வாயில் புழங்கட்டும். எது நிலைக்கிறதோ அதை அச்சுப் படியில் சேர்க்கிறேன். அதுவரை இரு சொற்களும் சாய்கோடிட்டு நிற்கும்.