‘எடுப்பளவு’, ‘விலகு தூரம்’: இரண்டு சொற்கள் பற்றி

மட்டக்களப்பிலிருந்து:
அன்புடையீர், எத்தனை பங்குகள் வாங்கலாம் என்று முன்கூட்டியே கணித்துக்கொள்ளும் எண்ணை ‘பொசிஷன் சைஸ்’ என்றே சொல்லிவருகிறோம். அதற்கு ‘எடுப்பளவு’ என்றும், வாங்கும் விலைக்கும் நட்டத்தோடு வெளியேற வேண்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ‘விலகு தூரம்’ என்றும் முன்மொழிகிறேன். கணக்கில் 500,000 ரூபாய் இருக்கிறது, ஒரு தடவையில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்க விருப்பமில்லை என்று வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 82 ரூபாய். வரைபடத்தில் அது இரு தடவை 78.40 வரை இறங்கித் திரும்பியிருப்பதால், அதற்குச் சற்றுக் கீழே 78.00 இல் விலகலாம். விலகு தூரம் 4 ரூபாய் என்பதால், 5,000 ஐ 4 ஆல் பிரிக்க எடுப்பளவு 1,250 பங்குகள்.

சம்மாந்துறையிலிருந்து:
1 சதவீதம் என்றால் 5,000 ரூபாய்க்குத்தானே வாங்க வேண்டும்? அதற்கு 60 பங்குகள்தான் வரும். மேலும், ‘எடுப்பு’ என்றதும் எங்களுக்கு எடுப்பான சாரிதான் நினைவுக்கு வருகிறது, ‘கொள்வனவளவு’ போதாதா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
சகோதரரே, 5,000 என்பது இழக்கச் சம்மதிக்கும் தொகை, வாங்கும் தொகை அன்று. ‘விலகு தூரம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை நாமே குறைத்துக்கொள்ளலாம் அல்லவா? 80 இல் விலகினால் 2,500 பங்குகள் எடுக்கலாம், இழப்பு அதே 5,000 தான். சென்ற வருடம் அப்படித்தான் செய்தேன். மூன்று தடவை வெளியே தள்ளப்பட்டேன், மூன்று தடவையும் விலை பிறகு ஏறியது. எனது நேரம் சரியில்லை என்று நினைத்தேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நேரத்தைக் குறைசொல்ல வேண்டாம். அந்தப் பங்கு சாதாரண நாளிலேயே இரண்டு ரூபாய் ஏறி இறங்குமானால், 80 க்கு வந்தது எதையும் உணர்த்தாது; 78.40 உடைந்தால்தான் நமது கணிப்புப் பிழை என்று தெரியும். ஆகையால் தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்து, பங்குகளின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்க வேண்டுமேயன்றி, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் தூரத்தைச் சுருக்கலாகாது.

கணக்கிலும் ஒரு குறை உண்டு. எனக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 1.12 சதவீதம் கட்டணமாகப் போகிறது. 82 இல் வாங்கி 78 இல் விற்றால் பங்கொன்றுக்கு 4 ரூபாயோடு ஏறத்தாழ 1.79 உம் சேர்ந்து 5.79 போய்விடும், எனவே எடுக்கக்கூடியவை 863 பங்குகளே. 80 இல் விலகும் 2,500 பங்குகளுக்கோ இழப்பு 9,500 ரூபாயைத் தாண்டும். ஆதலால் ‘விலகு தூரம்’ என்பதை வரைபடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கட்டணமும் சேர்ந்த தொகையை ‘அலகிழப்பு’ என்று தனியாக அழைக்கலாம்.

மட்டக்களப்பிலிருந்து:
‘அலகிழப்பு’ அவசியமான சொல்தான், ஏற்கிறேன். காலையில் சந்தை திறக்கும்போதே விலை 75 ஆக இருந்தால் அந்த 5.79 உம் பொய்த்துவிடும். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘கொள்வனவளவு’ என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை, ஏனெனில் முதலில் விற்றுப் பின்னர் வாங்கக்கூடிய சந்தைகளுக்கு அது பொருந்தாது.

சம்மாந்துறையிலிருந்து:
தொகை இப்போது விளங்கியது. ‘எடுப்பு’ இன்னும் சாரியாகவே தெரிகிறது.