பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் பூட்டு! யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மடிவாளா மல்லி
போன வாரம் பெங்களூரில் என் ஆபீஸில் நடந்த கதை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்வார்கள், திங்கள்கிழமை காலை மாற்றினேன். மதியம் டீ குடித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் கணக்கு பூட்டிக் கிடக்கிறது. எழுத்து மாறிப் போயிருக்கும் என்று ஏழெட்டுத் தடவை அடித்தேன். ஐடி ஆளைக் கூப்பிட்டேன், திறந்துவிட்டார். இருபது நிமிடம் ஓடியது, மறுபடியும் பூட்டு. சாயங்காலத்துக்குள் நாலு தடவை. கடைசியில் அவர், "மேடம், கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடாம இருங்க" என்று சொல்லிவிட்டார். நான் தொடாமல் இருந்தும் பூட்டிக்கொண்டதுதான் கொடுமை.

தாராவி தம்பி
அக்கா, நெட்டை மாற்றிப் பாருங்கள். மும்பையில் எங்கள் ரூமில் பதினோரு பேருக்கு ஒரே வைஃபை. ஒருத்தன் ஒரு சைட்டில் தப்புத் தப்பாக அடித்தான், எல்லோருக்கும் "Too Many Requests" வந்துவிட்டது. மொபைல் டேட்டாவுக்கு மாறினேன், உடனே திறந்தது. பூட்டு எல்லாம் நெட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை.

கரோல்பாக் மாமி
எனக்கும் இதேதான்! ஏடிஎம்மில் பின் நம்பரை மூன்று தடவை தப்பாகப் போட்டேன், அன்றைக்கு முழுக்கக் கார்டு வேலை செய்யவில்லை. காய்கறிக்காரரிடம் கடன் சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய சர்வர்காரன்
தம்பி சொல்வது பாதி சரி. அவனுக்கு வந்த செய்தியின் எண் 429. அது கேட்கிற வேகத்துக்குப் போடுகிற கடிவாளம், பெரும்பாலும் இணைய முகவரியை வைத்து எண்ணுவது. அதனால்தான் ரூமே மாட்டிக்கொண்டது. பல சைட்கள் அதோடு இப்படி ஒரு வரியும் அனுப்பும், பிரௌசர் அதை நமக்குக் காட்டாது:

```
Retry-After: 900
```

900 விநாடி கழித்து வா என்று அர்த்தம். நடுவில் தட்டினால் சில சைட்கள் கண்டுகொள்ளாது, சில மறுபடி முதலிலிருந்து எண்ணும். எது எப்படி என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் தட்டாமல் இருப்பதுதான் லாபம்.

மல்லிக்கு நடந்தது வேறு. அது கணக்கின் மேலேயே விழுகிற பூட்டு, எந்த நெட்டில் வந்தாலும் பூட்டுதான். கறாராக வைக்கக் காரணம் இருக்கிறது. மாமியின் நாலு இலக்க பின்னையே எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 10,000 எண்கள்தான். தடை இல்லாவிட்டால் ஒரு புரோகிராம் சீக்கிரமே முடித்துவிடும். கால் மணிக்கு ஐந்து தடவைதான் என்றால் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 500 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று வாரம்.

மல்லி, ஆபீஸ் பூட்டின் கணக்கு என்ன? பழைய போன் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா?

மடிவாளா மல்லி
ஐந்து தப்புக்குப் பூட்டு, பதினைந்து நிமிடத்தில் தானாகத் திறக்கும் என்றார்கள். போன்... ஐயோ, இருக்கிறது. என் பழைய போனை எட்டு மாதம் முன்னால் அம்மாவுக்குக் கொடுத்தேன், பக்திப் பாட்டு கேட்க. ஆபீஸ் மெயில் கணக்கை அதிலிருந்து நீக்கினேனா என்று ஞாபகமே இல்லை.

பழைய சர்வர்காரன்
அதேதான். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பழைய பாஸ்வேர்டோடு மெயில் கேட்கும். விண்டோஸில் தப்புக் கணக்கு கடைசித் தப்புக்கு அப்புறம் குறிப்பிட்ட நேரம் சும்மா இருந்தால்தான் பூஜ்யமாகும். அந்த நேரம் 15 நிமிடம் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தப்பு வரும்போது அது ஆகவே ஆகாது. ஐந்தாவது தப்பு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் விழும். உங்கள் இருபது நிமிடம் அதுதான்.

இவ்வளவு நாள் ஏன் பூட்டவில்லை என்று கேட்பீர்கள். பாஸ்வேர்டு வரலாறு வைத்திருக்கும் இடத்தில், இப்போதைய பாஸ்வேர்டுக்கு முந்தைய இரண்டை விண்டோஸ் தப்பாக எண்ணாது. எட்டு மாதத்தில் மூன்று தடவை மாற்றியிருப்பீர்கள், சலுகை தீர்ந்துவிட்டது. நாம் காத்திருந்தால் போதாது, நம் பெயரில் தட்டுகிற எல்லாமும் காத்திருக்க வேண்டும்.

தாராவி தம்பி
அப்போ பதினைந்து நிமிடம் காத்திருந்தால் எல்லா ஆபீஸிலும் திறந்துவிடுமா?

பழைய சர்வர்காரன்
இல்லை. பூட்டு நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்திருந்தால் நிர்வாகி திறக்கும்வரை திறக்காது. அங்கே காத்திருப்பது வீண், போன் போடுங்கள். கேட்கும்போது, கணக்கு பூட்டியதை விண்டோஸ் குறித்துவைக்கும் 4740 நிகழ்வில் எந்த மெஷின் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மடிவாளா மல்லி
பார்க்கச் சொன்னேன், மெயில் சர்வர் பெயர்தான் இருந்தது. புதன்கிழமை அம்மா போனிலிருந்து ஆபீஸ் மெயில் கணக்கை நீக்கினேன், இரண்டு நாள் நிம்மதி. இன்று காலை மறுபடி பூட்டு! இந்தத் தடவை நாலாவது மாடி மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர் பெயர் வந்திருக்கிறதாம். அங்கே எப்போது லாகின் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே லிஃப்டுக்கு நிற்கிறேன்.