சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறது: போடாக்ஸா, ஈறு திருத்தமா?

வணக்கம். முழுதாகச் சிரித்தால் எனக்கு மேல் ஈறு 5 மி.மீ. வரை தெரிகிறது. பல் மருத்துவர் அளந்து பார்த்து இரண்டு காரணங்கள் சொன்னார். சிரிக்கும்போது மேலுதடு 6 முதல் 8 மி.மீ. உயர்வது வழக்கம், எனக்கு 10 உயர்கிறது. அப்புறம், நடு முன்பற்கள் 8 மி.மீ. தான் வெளியே தெரிகின்றன, மீதி ஈறுக்குள் மறைந்திருக்கிறது. தாடை எலும்பின் நீளம் சரியாகத்தான் இருக்கிறதாம். அதனால் பெரிய அறுவை சிகிச்சை என்ற பேச்சே இல்லை, நல்லவேளை.

உதட்டுப் பயிற்சி செய்து பார்த்தேன். போட்டோவுக்கு அடக்கிச் சிரிக்க வருகிறது, யாராவது ஜோக் அடித்தால் எல்லாம் போச்சு.

போடாக்ஸ் போட்டால் உதட்டைத் தூக்கும் தசை தளரும், ஆனால் மூன்று நான்கு மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். அளவு கூடினாலோ இருபுறமும் சமமாக இல்லாவிட்டாலோ சிரிப்பு கோணலாகும் என்பதுதான் என் பயம்.

ஈறு திருத்தத்தில் வேறு சிக்கல். எனக்கு எலும்பு விளிம்பு பல்லின் எனாமல் முடியும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. ஈறை மட்டும் லேசரில் வெட்டினால் திரும்ப வளர்ந்துவிடும், எலும்பையும் கொஞ்சம் செதுக்க வேண்டும் என்கிறார். அப்படிச் செய்தாலும் 2 மி.மீ. தான் குறையும், மீதி உதட்டால் வருவது.

இரண்டும் செய்துகொண்டவர்கள் எதை முதலில் செய்தீர்கள்? எலும்பு செதுக்கிய பிறகு பல் கூச்சம் எவ்வளவு நாள் இருந்தது? ஈறு திருத்தம் மட்டும் செய்து, போடாக்ஸ் தேவைப்படாமல் போனவர்கள் யாராவது உண்டா?