ஷார்ட் ஸ்ட்ராங்கிள், ரெண்டு மடங்கு ஸ்டாப் லாஸ், ஏப்ரல் 7 காலை: யாருக்கு என்ன நடந்துச்சு?

கொருக்குப்பேட்டை கேட்

2025 ஏப்ரல் 7. இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,904ல முடிஞ்சது. அந்த வார எக்ஸ்பயரி புதன் 9ஆம் தேதி, வியாழன் மகாவீர் ஜெயந்தி லீவு. 22,400 புட்டை 42 ரூபாய்க்கும் 23,400 கால் ஆப்ஷனை 24 ரூபாய்க்கும் வித்து ஸ்ட்ராங்கிள் போட்டு வெச்சிருந்தேன். லாட் 75, ரெண்டு லாட். கணக்குல 4.6 லட்சம், அதுல மார்ஜினுக்கே 4.2 லட்சம் பிளாக். ரூல் சிம்பிள்: புட்டோ காலோ, எந்தப் பக்கம் ரெண்டு மடங்கானாலும் அதை வெட்டணும். புட்டுக்கு ட்ரிகர் 84, லிமிட் 90. கணக்குப்படி புட்ல அதிகபட்ச நஷ்டம் 6,300, கொஞ்சம் வழுக்கினா ஏழாயிரத்து சில்லறை.

வெள்ளி ராத்திரி அமெரிக்க மார்க்கெட் கிட்டத்தட்ட 6% விழுந்துச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அது தெரியும், ஆனா வெளிய வர வழி கிடையாது. ஞாயிறு ராத்திரியே ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போட்டு வெச்சேன். திங்கள் நிஃப்டி 21,758ல திறந்தது. அந்த நிமிஷம்தான் கண்ணுலயே நிக்குது. `TRIGGER PENDING`னு இருந்த ஆர்டர் `OPEN`னு மாறுச்சு. அவ்வளவுதான், அதுக்கு மேல அசையல. என் ஆர்டர் 90 ரூபாய்க்கு வாங்கக் காத்துக்கிட்டு இருக்கு, புட் 700க்கு மேல ஓடுது. தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னு பார்க்கிறேன், ரெண்டு மெட்ரோ போயிடுச்சு, நான் ஏறல.

640க்கு லிமிட்டை மாத்தி வெளிய வந்தேன். புட்ல 89,700 போச்சு, கால்ல 2,700 வந்துச்சு. நிகரம் 87,000. இதே மாதிரி ஆர்டர் `OPEN`ல நின்னவங்க யாராவது இருக்கீங்களா? நீங்க என்ன பண்ணீங்க?

பெரம்பூர் லோகோ

அண்ணா, நீங்க வெளிய வந்ததுதான் பிரச்சனை. புதன்கிழமை நிஃப்டி எங்க முடிஞ்சதுன்னு பாருங்க: 22,399.15. உங்க 22,400 புட்டோட கடைசி விலை 85 பைசா. சும்மா உட்கார்ந்திருந்தா 42ல 41 ரூபாய் உங்களுக்கு, காலும் பூஜ்யம். நான் அதே வாரம் 22,300 புட் வித்திருந்தேன், ஒரே லாட். நான் அதைத் தொடவே இல்ல. முழு பிரீமியமும் வந்துச்சு.

நான் ஸ்டாப் லாஸே போடுறதில்ல. மூணு நாள்ல எக்ஸ்பயரி ஆகுற ஆப்ஷன்ல பயத்துக்குத்தான் விலை ஏறும், பயம் போனா இறங்கும். திங்கட்கிழமையே மார்க்கெட் 22,161ல முடிஞ்சுது, காலைல இருந்த விலைக்கும் சாயங்காலம் இருந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

ராயபுரம் டீலர்

பெரம்பூர் தம்பி சொல்ற குளோசிங் நம்பர் எல்லாம் சரி. ஆனா அவர் எதை வெச்சு உட்கார்ந்திருப்பாரு? பாரீஸ்ல ஒரு புரோக்கர் ஆபீஸ் டெர்மினல்ல ரொம்ப வருஷம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் மார்ஜின்லதான் இருக்கு, சார்ட்ல இல்ல.

4.6 லட்சம் இருக்கு. புட் 700 ஆனப்போ ரெண்டு லாட்டுக்கு 98,700 நஷ்டம் ஏட்டுல ஏறிடுச்சு. ஆப்ஷன் வித்தவனுக்கு அந்தக் காசு அன்னைக்கே கைமாறாது, ஆனா மார்ஜினுக்குக் காட்டுற பணத்துல இருந்து கழிஞ்சிடும். மீதி 3.61 லட்சம். தேவை 4.2 லட்சம். ஸ்பான் மார்ஜின் ஒரு ரூபாய் கூட ஏறலன்னு வெச்சாலே கிட்டத்தட்ட அறுபதாயிரம் பள்ளம். அது ஏறாம இருக்குமா? இந்தியா விக்ஸ் வெள்ளிக்கிழமை 14க்குக் கீழ, திங்கள் முடியும்போது 22க்கு மேல. ஸ்பான் ஃபைல் பகல்லயே பல தடவை மாறும். விலை எவ்வளவு ஆடும்னு எக்ஸ்சேஞ்ச் நினைக்குதோ அந்த அளவுக்குக் கேட்கும்.

இந்தப் பள்ளத்தை அடைக்காட்டி புரோக்கரோட ரிஸ்க் டீம் பொசிஷனை வெட்டும். நமக்கு வசதியான விலையில வெட்டாது. என் கஸ்டமர் ஒருத்தர், நாலு லாட், அன்னைக்குப் பணம் மாத்திக்கிட்டே இருந்தாரு, பேங்க் ஓடிபி வரல. புட் உச்சத்துல இருக்கும்போதே எதிர்ப்பக்கம் ஆர்டர் போயிடுச்சு. போன்ல அவர் எதுவும் பேசல, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்கு அதுதான் மறக்கல.

இன்னொண்ணு. 2024 நவம்பர் 20லேர்ந்து எக்ஸ்பயரி நாள்ல ஷார்ட் இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு 2% கூடுதல் மார்ஜின் வேணும். 22,400ஐ 75ஆல பெருக்கி 2% போட்டா லாட்டுக்கு 33,600, ரெண்டு லாட் புட்டுக்கு மட்டும் 67,200. புதன் வரைக்கும் வெச்சிருக்கணும்னா அதுவும் கையில இருக்கணும். அவர்கிட்ட ஃப்ரீயா இருந்தது நாற்பதாயிரம்.

தம்பி, உங்ககிட்ட ஒரே லாட், மீதிப் பணம் சும்மா இருந்துச்சு. அதனாலதான் உங்களால உட்கார முடிஞ்சுது.

எம்.சி. ரோடு துணிக்கடை

கடை பத்தரைக்குத்தான் சூடு பிடிக்கும், அதுக்குள்ள 9:20க்கு ஸ்ட்ராங்கிள் வித்துடுவேன். ராத்திரிக்கு எதையும் வெச்சுக்க மாட்டேன். அதனால ரெண்டு மடங்கு ஸ்டாப் லாஸை யாரும் குறை சொன்னா மனசு கேட்கல.

2025 ஜூன் 6, ரிசர்வ் பேங்க் வட்டியை அரை சதவீதம் குறைச்ச அன்னைக்கு, ரெண்டு பக்கமும் 60 ரூபாய் பிரீமியத்துல வித்திருந்தேன். தூரம் சமமா பார்க்க மாட்டேன், பிரீமியம் சமமா பார்ப்பேன். ஒரு பக்கம் ரெண்டு மடங்காகி 60 போனாலும் இன்னொரு பக்கம் கரைஞ்சு 60 வரைக்கும் கொடுக்கும்ல. பத்து மணிக்கு அறிவிப்பு வந்ததும் கால் பக்கம் பறந்துச்சு. ட்ரிகர் 120, லிமிட் 126. 124க்கு ஃபில் ஆச்சு. ஒரு கஸ்டமர் அக்கா கையில புடவையை விரிச்சுப் பிடிச்சிருக்காங்க, நான் போனையே பார்க்கிறேன், மூணு விநாடி இருக்கும். புட்டை 30க்கு மூடினேன். லாட்டுக்கு மொத்தம் 2,550 நஷ்டம். நினைச்ச அளவுதான்.

கொருக்குப்பேட்டை அண்ணா, ஸ்டாப் லாஸ் வேலை செய்யலன்னு சொல்லாதீங்க. மார்க்கெட் திறந்திருக்கும்போது விலை 61, 70, 90, 120னு ஒவ்வொரு படியா வருது, அதனால ஆர்டர் பிடிக்குது. ஒரு பக்கம் அடிச்சதும் இன்னொரு பக்கத்தோட ஸ்டாப்பை 120லயே விடாம வித்த விலைக்குக் கொண்டு வந்துடுவேன். இல்லன்னா மார்க்கெட் திரும்பினா ரெண்டு பக்கமும் அடிக்கும்.

கொருக்குப்பேட்டை கேட்

அக்கா, பகல்ல வேலை செய்யலன்னு நான் சொல்லவே இல்ல. ராத்திரிக்கு வெச்சிருந்தா 42ல இருந்து நேரா 700. நடுவுல 84ங்கிற விலை அன்னைக்கு வரவே இல்ல. என் கேள்வி அதைப் பத்தித்தான்.

திருவொற்றியூர் தேரடி

எனக்கு வேற மாதிரி. பிளெட்ஜ் பண்ணின பங்குகளை வெச்சு மார்ஜின் எடுத்திருந்தேன், பெரும்பாலும் மெட்டல் கம்பெனி பங்குகள். அன்னைக்கு மெட்டல்தான் பயங்கர அடி வாங்குச்சு. ஒரு பக்கம் புட் ஏறுது, இன்னொரு பக்கம் அடமானத்தோட மதிப்பே இறங்குது. ஆப்ல கொலேட்டரல் நம்பர் குறைஞ்சதைப் பார்த்து ஆப் தப்பா காட்டுதுன்னு மூடித் திறந்தேன், அதே நம்பர். பாதி மார்ஜினாவது ரொக்கமா இருக்கணுங்கிற ரூல் வேற. அதுக்கு லிக்விட் ஃபண்டை பிளெட்ஜ் பண்ணியிருந்தவங்க அன்னைக்குத் தப்பிச்சாங்க, அது இண்டெக்ஸோட சேர்ந்து விழாது.

வியாசர்பாடி மேம்பாலம்

நான் அந்த நாள் பொசிஷன்ல இல்ல. 2021ல ஒரு கால் ஆப்ஷன்ல என் SL-M ஆர்டர், அதாவது ட்ரிகர் ஆனதும் மார்க்கெட் விலைக்கே போற ஸ்டாப் லாஸ், சம்பந்தமே இல்லாத விலைக்கு ஃபில் ஆச்சு, அடுத்த டிக்லயே விலை பழைய இடத்துக்கு வந்துடுச்சு. அதுதான் என் கதை, அவ்வளவுதான். அந்த மாதிரி ஃப்ரீக் ட்ரேடுக்காகத்தான் 2021 செப்டம்பர் 27லேர்ந்து என்எஸ்இ ஆப்ஷன்ல SL-M ஐ நிறுத்துச்சு. இப்போ எல்லாருக்கும் லிமிட்தான், அதனாலதான் உங்க ஆர்டர் `OPEN`ல நின்னுச்சு. மார்க்கெட் ஆர்டரா இருந்திருந்தா மட்டும் 90க்கா கிடைச்சிருக்கும்? கிடைச்சிருக்காது, 700க்கு மேலதான்.

கேட்காமலே சொல்றேன். ராத்திரி வெச்சிருக்கணும்னா இறக்கை வாங்குங்க, அதாவது வித்ததை விட இன்னும் வெளிய தள்ளி மலிவா ஒரு ஆப்ஷன். உங்க கணக்கையே எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை 22,000 புட் 14 ரூபாய் மாதிரி இருந்திருக்கும். 22,400 புட்டை 42க்கு வித்து இதை வாங்கியிருந்தா கையில நிக்கிறது 28. நிஃப்டி எங்க திறந்தாலும் எக்ஸ்பயரியில புட் பக்க நஷ்டம் 372ஐத் தாண்டாது, லாட்டுக்கு 27,900. உங்களுக்குப் போனது லாட்டுக்கு 44,850. அதைவிட முக்கியம், மார்ஜின் நல்லா குறையும். முதல்ல இறக்கையை வாங்கிட்டு அப்புறம் வில்லுங்க, அப்பதான் ஆரம்பத்துலயே குறைஞ்ச மார்ஜின் கேட்கும். வெளிய வரும்போது தலைகீழ்: முதல்ல வித்ததை மூடுங்க, அப்புறம் இறக்கையை வில்லுங்க. இறக்கையை முதல்ல வித்துட்டா அந்த நிமிஷமே முழு மார்ஜினும் கேட்கும், பணம் பத்தாட்டி ரிஸ்க் டீம் வந்துடும். கால் பக்கமும் ஒரு இறக்கை, ஏழெட்டு ரூபாய். ஒரே பக்கம் மட்டும் வாங்கிட்டு இருந்தா மார்ஜின் பெருசா இறங்காது, அதையும் பாருங்க.

பெரம்பூர் லோகோ

66 ரூபாய் வரவுல 22 ரூபாய் இறக்கைக்கே போனா மூணுல ஒரு பங்கு போச்சு. ஒரு ஏப்ரல் 7க்காக எல்லா வாரமும் இதைக் கட்டணுமா?

ராயபுரம் டீலர்

அந்தச் செலவு நியாயமான கேள்வி, அதுக்கு என்கிட்ட ஒரே பதில் இல்ல. ஆனா நான் பார்த்த வரைக்கும் இறக்கை வாங்கினவங்க மாட்டினது வேற இடத்துல. மார்ஜின் குறைஞ்சதும் அதே 4.6 லட்சத்துல ரெண்டு லாட்டை நாலா, அஞ்சாக்கிடுவாங்க. 27,900ஐ அஞ்சால பெருக்கிப் பாருங்க, 1,39,500. இறக்கை இல்லாம ரெண்டு லாட்ல போனதை விட அதிகம்.

கொருக்குப்பேட்டை தம்பி கேட்டதுக்கு வரேன். ஆர்டர் `OPEN`ல நின்னா என்ன பண்றது? நான் டெர்மினல்ல பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு: இப்போ ஃப்ரீ மார்ஜின் பிளஸ்லயா மைனஸ்லயா? மைனஸ்னா கேள்வியே இல்ல, ரிஸ்க் டீம் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு லாட்டையாவது நாமளே மூடணும். மூடின லாட்டோட மார்ஜின் விடுபட்டு மிச்சத்துக்கு மூச்சு கிடைக்கும். பிளஸ்னா முதல் பதினஞ்சு நிமிஷம் பிட்டுக்கும் ஆஃபருக்கும் இடையில எவ்வளவு அகலம்னு பார்ப்பேன், அது குறையற வரைக்கும் அவசரப்பட மாட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்

எனக்கு மைனஸ்ல இருந்துச்சு. ஒரு லாட்டை மட்டும் மூடியிருந்தா? 640க்கு ஒண்ணு போயிருந்தா 44,850 நஷ்டம், இன்னொண்ணுக்கு மார்ஜின் தாராளமா இருந்திருக்கும், எக்ஸ்பயரி நாள் 2% உட்பட. ஆனா அது புதன்கிழமை 22,399ல முடியும்னு திங்கள் காலைல யாருக்குத் தெரியும்.

இப்போ எக்ஸ்பயரி செவ்வாய்க்கு மாறினதுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை வித்தா சனி, ஞாயிறைத் தாண்டித்தான் ஆகணும். திங்கள் காலை 9:20க்கு விக்கிறதுன்னா பிரீமியம் பாதி கூட இருக்காது. எம்.சி. ரோடு அக்கா, திங்கள்கிழமை நீங்க எந்தப் பிரீமியத்துல விக்கிறீங்க, அப்பவும் ரெண்டு மடங்குதானா?

எம்.சி. ரோடு துணிக்கடை

திங்கள், செவ்வாய்ல ரெண்டு மடங்கு வெக்கிறது இல்ல. பிரீமியம் 15, 20னு சிறுசா இருக்கும்போது ரெண்டு மடங்குங்கிறது நிஃப்டியில நாற்பது அம்பது பாயிண்ட்லயே அடிச்சிடும். அன்னைக்கு ரெண்டு பக்கமும் கூட்டின பிரீமியத்தைப் பார்த்து, அது ஒன்றரை மடங்கானா ரெண்டையும் சேர்த்து மூடிடுவேன். செவ்வாய் மதியத்துக்கு மேல அதுவும் பண்ண மாட்டேன், அந்த நேரம் எனக்குக் கடையில கூட்டம்.