12 நேர்காணலில் நிறைவுநிலை என்றால் ஏற்கலாமா?

தேன்மொழி: இரவுப் பணி செவிலியர்கள் பற்றிய ஒரு முனைவர் பட்ட வரைவைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 14 நேர்காணல். ‘12-லேயே நிறைவுநிலை வந்துவிட்டது’, அதற்கு மேல் புதிதாக எதுவும் வரவில்லை என்கிறார். இரண்டு பேர் பேட்டிகளுக்குக் குறியீடு போட்டு, அதாவது கோடிங் செய்து, இருவருக்கும் இடையிலான ஒப்புமை எண்ணான கப்பா 0.82. ஆய்வாளரே முன்னாள் செவிலியர். சார்பு பற்றி ‘முன்கருத்துகளை ஒதுக்கிவைத்தேன்’ என்று ஒரே வரி. முறையியல் இயல் தேறுமா?

சிவா: 14 எப்படிப் போதும்? நான் 384 பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்தேன். அப்போதும் வைவாவில் விடவில்லை.

கதிர்: சிவா, 384 சர்வேக்கான கணக்கு, இங்கே பொருந்தாது. 12 சரியான எண்தான். கெஸ்டும் சகாக்களும் 2006-இல் அதைக் காட்டிவிட்டார்கள். கப்பாவும் நன்றாக இருக்கிறது. தேறும்.

நாகை வாத்தியார்: கதிர், அந்த ஆய்வில் கானா, நைஜீரியாவில் 60 பேரிடம் பேசிவிட்டு, பெரும்பாலான குறியீடுகள் முதல் 12-இலேயே வந்திருந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்கள். ஓரளவு ஒரே மாதிரியான பெண்கள், ஒரே கேள்விகள். அந்த 12-ஐ இங்கே கடன் வாங்க முடியாது. தேன்மொழி, இந்த 14 பேரை யார் பிடித்துக் கொடுத்தது?

தேன்மொழி: வார்டு இன்சார்ஜ்கள். வேலையை விட்டுப் போனவர் ஒருவரும் இல்லை.

நாகை வாத்தியார்: அப்படியென்றால் இன்சார்ஜுக்குப் பிடித்தவர்கள் ஒரே பேச்சைப் பேசியிருக்கிறார்கள். அதை நிறைவுநிலை என்று எழுதியாயிற்று. கோடிங்கில் ஓர் இடம் காட்டுங்களேன்.

தேன்மொழி: ‘மூணு நைட் சேர்ந்தாப்ல போட்டாலும் பழகிப்போச்சு, யார்கிட்ட சொல்ல?’ இதற்குக் குறியீடு ‘தாங்குதிறன்’.

நாகை வாத்தியார்: ‘யார்கிட்ட சொல்ல’ எங்கே போயிற்று? அது சலிப்பு, கேட்க ஆளில்லை என்ற குறை. அந்தத் தொழிலில் இருந்தவருக்கு அது தாங்குதிறனாகத் தெரிவது இயல்புதான். ஆனால் ‘ஒதுக்கிவைத்தேன்’ என்ற வரி இந்த இடத்திலேயே உடைகிறது. இரண்டாவது கோடர் யார்?

தேன்மொழி: அவரும் செவிலியர்தான். ஆய்வாளர் தயாரித்த குறியீட்டுப் பட்டியலை வைத்தே போட்டார்.

நாகை வாத்தியார்: அதனால்தான் 0.82. ஒரே கண்ணாடியை இருவர் போட்டுக்கொண்டால் ஒரே நிறம்தான் தெரியும். முறை என்னவென்று எழுதியிருக்கிறார்?

தேன்மொழி: பிரான், கிளார்க் இருவரின் கருப்பொருள் பகுப்பாய்வு.

நாகை வாத்தியார்: அவர்கள் தங்கள் முறைக்கு இந்த ஒப்புமை எண்ணே பொருந்தாது என்பவர்கள். ஆய்வாளரின் வாசிப்புதான் அங்கே கருவி. ஒன்று அந்தப் பெயரை விடட்டும், இல்லை கப்பாவை விடட்டும். முதல் நேர்காணலில் போட்ட குறியீடு கடைசியில் எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதை நாட்குறிப்போடு பின்னிணைப்பில் காட்டச் சொல்லுங்கள்.

கதிர்: கப்பா விஷயம் சரி. ஆனால் பேட்டி கொடுத்தவர்களிடமே முடிவைக் காட்டிச் சரிபார்த்தால் சார்பு போய்விடுமே?

நாகை வாத்தியார்: வேலையில் இருப்பவர், இன்சார்ஜ் அனுப்பியவர். ‘தாங்குதிறன்’ என்று பாராட்டினால் மறுப்பாரா? வேலையை விட்டுப்போன நான்கைந்து பேரைத் தேடிப் பேசட்டும்.

கதிர்: எல்லாம் முடிந்த பிறகு மறுபடி களத்துக்கு அனுப்புவது அநியாயம். வரம்பு என்று ஒரு பத்தி எழுதினால் போதும்.

நாகை வாத்தியார்: தலைப்பில் ‘பணியில் தொடரும் செவிலியர்கள்’ என்று சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் ‘தாங்குதிறன்’ குறியீடு போட்ட பத்திகளை எல்லாம் மறுபடி படித்தாக வேண்டும்.

தேன்மொழி: தலைப்பை மாற்ற நெறியாளர் விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பத்திகளை நாளைக்கே கேட்கிறேன்.