பழைய காரை நேரடியாக விற்பதா, ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதா? கணக்குப் பார்க்க உதவி தேவை

தாமரைச்செல்வி

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக ஓட்டிவந்த காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்க இருக்கிறேன். தொகைகளை எளிதாக ஒப்பிடுவதற்காக, புதிய காருக்கு ஷோரூமில் குறித்துள்ள வரி உட்பட்ட முழு விலையை 100 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய காருக்கு 34 தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். அதன் மேல் இன்னும் 12 கடன் பாக்கி இருப்பதால், அதை அவர்களே கட்டிவிட்டு மீதி 22-ஐப் புதிய காரின் விலையில் கழித்துக்கொள்வார்களாம். புதிய காருக்குத் தள்ளுபடியாக 2 குறைத்திருக்கிறார்கள். இதற்கிடையில், எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு 35 தருவதாகக் கூறியுள்ளார். 22 எங்கே, 35 எங்கே என்று நினைக்கும்போது அவருக்கே விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அவருக்கு வண்டி ஒரு வாரத்துக்குள் வேண்டும், எனக்குப் புதிய கார் வர ஐந்து வாரம் ஆகும். எது சரியான வழி என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மணிமாறன்

இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை, சகோதரி. வாங்கிய காரை மறுபடியும் லாபம் வைத்து விற்க வேண்டிய நிலையில் இருப்பவர் டீலர். அதைச் சரிபார்க்கும் செலவு, விற்கும் வரை நிறுத்திவைக்கும் செலவு, தன் லாபம் மூன்றையும் கழித்துக்கொண்டுதான் அவர் விலை சொல்வார். சொந்தமாக ஓட்ட வாங்குபவருக்கு அந்தக் கழிவு தேவையில்லை. ஆகவே நேரடி விற்பனையில்தான் எப்போதும் அதிகம் கிடைக்கும். உங்கள் கணக்கில் 13 வித்தியாசம் வருகிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பொன்னம்பலம்

மணிமாறன் சொல்லும் காரணம் சரியானது, ஆனால் 13 என்ற எண் சரியல்ல. கடன் பாக்கி 12 என்பது தாமரைச்செல்வி யாருக்கு விற்றாலும் அவரே தீர்க்க வேண்டிய தொகை. ஷோரூமின் விலையில் அதைக் கழித்துவிட்டு, தனியாரின் விலையில் கழிக்காமல் விட்டால் ஒப்பீடு தவறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால், எது லாபம் என்று பார்க்கும் இந்த இடத்தில் கடனை முற்றிலும் ஒதுக்கிவிடலாம். விற்கும் நடைமுறை என்று வரும்போது அது மிக முக்கியம், அதைப் பிறகு எழுதுகிறேன்.

அப்படிப் பார்த்தால் 34-க்கும் 35-க்கும் இடையில் வெறும் 1 வித்தியாசம்தானே என்று தோன்றும். அதுவும் உண்மையான விடை அல்ல. ஷோரூமில் பழைய காருக்கு எழுதும் விலையும், புதிய காருக்குக் கொடுக்கும் தள்ளுபடியும் ஒரே பணத்திலிருந்து வருபவை. பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைத்தது என்ற மனநிறைவை நமக்குத் தருவதற்காகத் தள்ளுபடியைச் சுருக்கி, அந்தப் பணத்தை எக்ஸ்சேஞ்ச் விலையில் ஏற்றிக் காட்டுவது இந்தத் தொழிலில் மிகவும் சாதாரணம். ஆகவே தாங்கள் பழைய காரைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் அந்தப் புதிய காரைக் கடைசியாக என்ன விலைக்குக் கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சுடன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை கடனை ஒதுக்கிப் பார்த்தால் 64. அந்தப் புதிய விலையிலிருந்து இந்த 64-ஐக் கழித்தால் வருவதே தங்கள் பழைய காருக்கு ஷோரூம் உண்மையில் தரும் விலை.

விலையைக் கேட்கும்போது மாதத் தவணையில் பதில் சொல்ல முற்பட்டால் ஏற்க வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையும் சிறியதாகத் தெரியும்.

கதிர்வேல்

பழைய வண்டியை விற்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் பழைய வண்டி ஓடாமல் நின்றுபோயிருந்தது. கியர்பாக்ஸ் பழுது. தனியாரிடம் யாரும் வாங்கவில்லை, கடைசியில் உதிரிபாகத்துக்கு வாங்குபவரிடம்தான் கொடுத்தேன். பணம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, சாவியையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவர் பெயர் மாற்றவே இல்லை. சில மாதங்கள் கழித்து அந்த வண்டிக்கான நிறுத்தக் கட்டண அபராதம் என் முகவரிக்கு வந்தது. அதை எனதல்ல என்று நிரூபிக்கப் பெரும்பாடு பட்டேன். எனவே ஓடாத வண்டியை விற்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பொன்னம்பலம்

கதிர்வேல் ஐயா, தாமரைச்செல்வியின் வண்டி நன்றாக ஓடும் வண்டி. இருந்தாலும் தாங்கள் சொன்ன பெயர் மாற்றச் சிக்கல் ஓடும் வண்டிக்கும் அப்படியே பொருந்தும், ஒருவகையில் கூடுதலாகவே பொருந்தும். வாங்குபவர் பெயரை மாற்றுவார் என்று நம்பிக் காத்திருக்காமல், விற்ற செய்தியைப் பதிவு அலுவலகத்துக்கு விற்பவரே அன்றைக்கே தெரிவித்துவிட வேண்டும். நாளும் நேரமும், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணும், இருவரின் கையெழுத்தும் உள்ள விற்பனைச் சீட்டின் நகல் ஒன்று தங்களிடம் இருக்க வேண்டும். அதன் பிறகே பழைய காரின் காப்பீட்டை நிறுத்த வேண்டும், அதற்கு முன் நிறுத்தக் கூடாது.

தாமரைச்செல்வி

பொன்னம்பலம் ஐயாவுக்கு மிக்க நன்றி. தாங்கள் சொன்னபடியே ஷோரூமில் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், பிறகு எக்ஸ்சேஞ்ச் இல்லையென்றால் 93-க்குத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் 93-இல் 64 போக, என் வண்டிக்கு அவர்கள் தருவது 29 மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? தனியாரின் 35-உடன் ஒப்பிட்டால் 6 வித்தியாசம் வருகிறது. ஆனால் வாங்க விரும்புபவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு, முன் சக்கரங்களின் டயர்கள் தேய்ந்துவிட்டதாகச் சொல்லி 34-க்கு இறங்கிவிட்டார்.

பொன்னம்பலம்

ஆம், 29 என்பதே சரி. இப்போது வித்தியாசம் 5 ஆகிறது. டயர்களைத் தாங்களே மாற்றிக் கொடுக்க முயல வேண்டாம். விற்கும் நேரத்தில் போடும் புதிய டயரின் விலை பெரும்பாலும் முழுமையாகத் திரும்பக் கிடைக்காது. அவர் குறைத்த 1 என்ற தொகை, டயர்களின் விலையை விடக் கூடுதலாக இருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

மீதமுள்ள செலவு, கார் இல்லாமல் இருக்கும் நான்கு வாரம். வாடகைக் காரோ வேறு ஏற்பாடோ, அதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று பாருங்கள். 1.5 ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் 3.5 மிஞ்சுகிறது. தங்கள் மற்ற வேலைகளை விட்டு அலையும் சிரமத்துக்கு அந்தத் தொகை ஈடாகுமா என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஷோரூமின் விலையிலும் ஒரு பொறி இருக்கலாம். இன்று எழுதிக் கொடுத்த 34, ஐந்து வாரம் கழித்து வண்டியை ஒப்படைக்கும் நாளிலும் அதே 34 ஆக இருக்குமா என்று கேளுங்கள். ஒப்படைக்கும் நாளில் மறுமதிப்பீடு உண்டு என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதற்குள் எத்தனை கிலோமீட்டர் வரை ஓட்டலாம், எந்தப் பழுதுக்கு மட்டும் விலை குறைக்கலாம் என்பது எழுத்தில் இல்லையென்றால், புதிய காரின் சாவியைக் கையில் வாங்கும் நேரத்தில் பேரம் மீண்டும் தொடங்கும். அந்த நேரத்தில் எழுந்து வெளியே வர யாருக்கும் மனம் வராது.

யாழினி

ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. நாங்கள் இருக்கும் இடத்தில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால், பழைய காரின் விலையைக் கழித்த பிறகு மீதமுள்ள தொகைக்கு மட்டும்தான் விற்பனை வரி. நேரடியாக விற்றுவிட்டு வந்தால் முழு விலைக்கும் வரி கட்ட வேண்டும். வரி 10 சதவீதம் என்றால் 34-க்கு 3.4 மிச்சம். பொன்னம்பலம் ஐயா கணக்கிட்ட 3.5 லாபம் அதிலேயே கிட்டத்தட்ட கரைந்துவிடும். எல்லா இடத்திலும் இந்தச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பொன்னம்பலம்

மிக நல்ல கேள்வி. தாமரைச்செல்வி தந்திருக்கும் 64, 93 இரண்டும் வரி சேர்ந்த இறுதித் தொகைகள். ஆகவே அத்தகைய சலுகை அங்கே இருந்து, ஷோரூம் அதைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால், அது ஏற்கனவே 64-க்குள் அடங்கியிருக்கும். மீண்டும் ஒருமுறை கழிக்கக் கூடாது. ஆனால் சலுகை இருந்தும் முழு விலைக்கு வரி போட்டிருந்தால், 64 என்பது சுமார் 60.6 ஆகக் குறைய வேண்டும். விலைச்சீட்டில் வரி எந்தத் தொகையின் மேல் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மணிமாறன்

எப்போதும் என்று நான் எழுதியது மிகையானது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் கையில் உறுதியான ஒரு வாங்குபவர் இருக்கும்போது நேரடி விற்பனைதான் நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வேறு டீலர்களிடமும், பழைய கார்களை மட்டும் வாங்கும் நிறுவனங்களிடமும் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள். 29-க்கு மேல் யார் சொன்னாலும் அந்த எழுத்தைக் காட்டி ஷோரூமில் பேசலாம்.

தாமரைச்செல்வி

விலைச்சீட்டைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்ச் இருந்தும் பழைய காரின் விலையைக் கழிக்காமல்தான் வரி போட்டிருக்கிறார்கள். அது இங்குள்ள விதியா, அவர்களின் பிழையா என்பதை வரி அலுவலகத்தில் கேட்கவிருக்கிறேன். அந்தப் பதில் வரும் வரை முடிவெடுக்கப் போவதில்லை. நேரடியாக விற்பது என்று ஆனால், கடன் பாக்கி இருக்கும்போது எப்படிக் கைமாற்றுவது? வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடன் தீரும்வரை காத்திருக்கத் தயங்குகிறார். அவரது தயக்கம் நியாயமானதே.

பொன்னம்பலம்

கடன் கொடுத்த வங்கியிடம், குறிப்பிட்ட நாளில் கணக்கை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கடிதம் கேளுங்கள். தங்கள் கணக்கில் காட்டும் பாக்கியும் அந்தத் தொகையும் ஒன்றாக இருக்காது. அன்று வரையிலான வட்டியும், சில ஒப்பந்தங்களில் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் சேரும். கட்டணம் பெரிதாக இருந்தாலும் ஒப்பீடு மாறாது, ஏனெனில் ஷோரூம் கட்டினாலும் அது தங்கள் தலையில்தான் விழும்.

பிறகு தாங்களும் வாங்குபவரும் வங்கிக் கிளைக்கே சேர்ந்து செல்லுங்கள். 34-இல் கடன் முடிப்புத் தொகையை அவர் நேராகக் கடன் கணக்கில் செலுத்தட்டும், மீதியைத் தங்கள் கணக்குக்கு மாற்றட்டும். கடன் தீர்ந்ததற்கான ரசீதை அங்கேயே இருவரும் பெற்றுக்கொள்ளலாம். பதிவில் இருக்கும் வங்கியின் உரிமையை நீக்கும் கடிதம் மட்டும் பிறகு வரும். அது வரும் வரை ஒரு சிறு தொகையை அவர் நிறுத்திவைத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டால் அவரது தயக்கம் தீரும். பணம் தங்கள் கணக்கில் வந்துவிட்டதை வங்கியே உறுதிசெய்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் காட்டும் படத்தையோ, அவர் கையில் இருக்கும் காசோலையையோ நம்பிக் கொடுக்க வேண்டாம்.

யாழினி

எங்கள் வங்கியில் அந்தக் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. ஒரு வாரத்துக்குள் வண்டி வேண்டும் என்பவர் அதுவரை பெயர் மாற்றாமல் ஓட்டுவதற்குச் சம்மதிப்பாரா, அந்த இடைவெளியில் காப்பீடு யார் பெயரில் இருக்கும் என்பதையும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள், தாமரைச்செல்வி.